அப்பா சொன்ன நன்றி, அக்கா சொன்ன ஆங்கிலம்

அந்தத் தோட்டத்துப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தவர்களில் இன்னும் மிச்சமிருக்கிற உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். அதிகம் பேர் இல்லை என்று தெரியும். போன மாதம் கொட்டகலையில் ஒரு கல்யாண வீட்டில் உங்களில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க அப்பா ரிட்டயர் ஆன அன்னிக்கு ஒங்க அக்கா இங்கிலீசுல பேசுனாங்களே, என்னா பேச்சு! தொரையே விழுந்து விழுந்து சிரிச்சாரே" என்றாள். ஆமாம், சிரித்தார். நானும் தலையாட்டிவிட்டு, பாயசம் ஆறிப்போகிறது என்று நழுவி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், இதை ஒரு தரமாவது முழுதாகச் சொல்லிவிடலாம் என்று பட்டது.

லிந்துலைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் என் அப்பாதான் வாத்தியார். வேறு வாத்தியார் கிடையாது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரே கூடம், ஒரே கரும்பலகை, ஒரே ஆள். மழைக்காலத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஆளுக்கொரு விறகுத்துண்டு கொண்டுவர வேண்டும், ஞாபகமிருக்கிறதா? தேயிலை கவ்வாத்து வெட்டிய குச்சி, சவுக்குக் கிளை, கொண்டுவர முடியாதவன் பக்கத்து லயத்து அடுப்படியிலிருந்து உருவிக்கொண்டு வருவது. அதைக் கூடத்து மூலையில் மூட்டி, அதைச் சுற்றி உட்கார்ந்துதான் வாய்ப்பாடு சொன்னோம். சிலேட்டில் புகை வாடை அடிக்கும். நம் தலையிலும் அடிக்கும். கால் விரல்கள் மரத்துப்போய், யாராவது மிதித்தாலும் தெரியாது.

வாத்தியார் மகள் என்பதால் எனக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை என்று நீங்கள் சாட்சி சொல்வீர்கள். அடி மட்டும் கொஞ்சம் கூடுதல். ஆனால் எங்களுக்கு உங்களைப் போல வரிசை வீட்டு லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா இல்லை, தனிக் குவார்ட்டஸ் இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, முன்னால் டேலியாச் செடி. அது தோட்டத்து வீடு. அப்பா வேலையில் இருக்கும் வரைதான் எங்கள் வீடு. அது எனக்கு அப்போது தெரியாது. வீடு என்றால் வீடுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு அது தெரியும். அவள் அப்போது ஹட்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய இங்கிலீசுப் பள்ளியில் கடைசிக்கு முந்தின வகுப்பு. விடியுமுன் எழுந்து, தலவாக்கலை வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயில். சாயங்காலம் வரும்போது காலுறை சேறாக இருக்கும். அடுத்த வருஷக் கடைசியில் அவளுக்குப் பெரிய பரீட்சை. அதைப் பாஸ் பண்ணினால் டீச்சர் வேலைக்குப் போகலாம். அந்தத் தோட்டத்திலிருந்து எந்தப் பெண்ணும் அதுவரை அந்தப் பரீட்சையின் வாசலுக்குக்கூடப் போனதில்லை. அதற்கு முன்னால் அப்பா ரிட்டயர் ஆகி, அந்தக் குவார்ட்டஸை விட்டுப் போனால், அவள் ரயிலேறுகிற கதையும் முடிந்தது. எங்களுக்குப் போக்கிடம் என்று இருந்தது கொத்மலைப் பக்கம் மாமாவின் லயத்துக் காம்பரா மட்டும்தான். அங்கிருந்து ஹட்டனுக்குத் தினம் போய்வர முடியாது. விடுதியில் சேர்க்க வசதியும் இல்லை.

ஆகவே அப்பாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பரீட்சை முடியும் வரைக்கும் அந்த வீட்டில் இருக்க விடவேண்டும்.

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் போய்க் கேட்டிருக்கலாமே என்று இப்போது சுலபமாகச் சொல்லலாம். அப்போது துரையைப் பார்ப்பது என்றால் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் வழியாகத்தான். பெரிய கிளாக்கர் கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, நிதானமாகத்தான் சொன்னார்.

"வாத்தியாரே, எழுதிக் கேட்டீங்கன்னா, வேலை பாக்கிறவங்களுக்குத்தான் குவார்ட்டஸ்னு எழுத்துலயே பதில் வந்துரும். அப்புறம் ஒண்ணும் செய்ய ஏலாது. பிரியாவிடை வைக்கிறோம்ல, தொரை வர்றாரு. நீங்க பேசுற பேச்சுல நைசா ஒரு வார்த்தை விடுங்க. கேக்கிற மாதிரி இருக்கக் கூடாது. கேட்டமாதிரியும் இருக்கணும். தொரைக்கு மனசு எளகும். அவரே கூப்பிட்டுச் சொல்லிருவாரு, இருந்துட்டுப் போங்கன்னு."

நம் ஆட்களுக்கு அது விளங்கும். பெரியவர்களிடம் ஒன்று வேண்டுமென்றால் கடவுளிடம் கேட்கிற மாதிரி அவர் காதில் விழச் சொல்ல வேண்டும். அவரும் கேட்காத மாதிரி இருந்துவிட்டுக் கொடுப்பார். யாருக்கும் தலைகுனிவு இல்லை. அப்பா அதற்குச் சம்மதித்தார். அந்த இடத்தில்தான் எல்லாம் பிசகியது என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது பெரிய சாமர்த்தியமாக இருந்தது.

அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். யாராவது நிறுத்தி மெல்லப் பேசினால் பிடித்துக்கொள்வார். வாய் திறந்து பேச மட்டும் வராது. வந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டார். "நான் நன்றி சொல்லப்போறது புள்ளைங்களுக்கு. அதுங்களுக்கு வெளங்காத பாஷையில நன்றி சொல்லி என்ன பிரயோசனம்?" என்றார். அதனால் அவர் தமிழில் பேசுவது, அக்கா பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்வது என்று முடிவானது. வழக்கமாக இந்த வேலையைச் செய்கிற பெரிய கிளாக்கருக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. ஆனாலும் விட்டுக்கொடுத்தார்.

அப்புறம் ஒரு வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாத்திரம் வைக்க இடமில்லை. பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அப்பாவின் தமிழ் ஒரு பக்கம், அக்காவின் ஆங்கிலம் ஒரு பக்கம். நான் துரை. அதாவது ஒத்திகையில். கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, அக்கா கைக்குட்டையை லேசாக ஆட்டும் இடத்தில் சிரிக்க வேண்டும். ஓர் எழுத்தும் விளங்காது. ஆனால் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன் என்று அம்மா சொன்னாள்.

முதல் சண்டை விளிப்பில் வந்தது. அப்பா எழுதியிருந்தது: "என் அருமை மாணவச் செல்வங்களே, தாய்மார்களே, பெரியோர்களே, பெருமதிப்பிற்குரிய துரை அவர்களே." துரையைக் கடைசியில் வைப்பதா என்று பெரிய கிளாக்கர் பதறிப்போனார். அப்பா மாற்ற மறுத்தார். அக்காதான் வழி சொன்னாள். தமிழில் அப்பா சொல்கிறபடி பிள்ளைகள் முதலில், ஆங்கிலத்தில் துரை முதலில். அவரவருக்கு அவரவர் முன்னால். செல்வங்களே என்பதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் யாரோ சொத்துக் கணக்குச் சொல்வது போல் இருக்கும் என்றாள். அப்பா பேச்சு முழுக்க நம்மை நீங்கள், உங்கள் என்றே எழுதியிருந்தார். அந்த மரியாதை ஆங்கிலத்தில் தானாக வராது. அதற்கு அவள் ஒரு யோசனை பண்ணினாள். நம்மைப் பார்த்து, 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மேன்' என்று சொல்வது. மூக்கு ஒழுகிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உங்களைத்தான்.

இன்னொன்று, 'நான்' என்று சொல்வது. பெரிய கிளாக்கர் மொழிபெயர்த்தால் 'அவர் சொல்கிறார், அவர் சொல்கிறார்' என்றுதான் போகும். அக்காவுக்கு அவள் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பேசுகிறவர் 'நான்' என்றால் மொழிபெயர்க்கிறவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு செத்துவிடும். அவள் நெஞ்சில் கைவைத்து, இந்தப் பள்ளியில் இத்தனை வருஷம் படிப்பித்தேன் என்று ஆங்கிலத்தில் சொல்ல, அர்த்தம் கேட்ட அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அடியே, நீ எப்படி இத்தன வருஷம் சொல்லிக் குடுத்த? நீ பொறந்தே அத்தன வருஷம் ஆகலியே."

"அது அப்பா சொல்றதும்மா. என் வாய்ல அப்பா பேசுறாங்க."

"என்ன எழவோ. நல்லாருந்தா சரி" என்று அம்மா ரொட்டி தட்டப் போய்விட்டாள்.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால் அப்பா முடிக்கிற வரைக்கும் அவள் வாயைத் திறக்க முடியாது. அதனால் அப்பா ஒரு மூச்சுக்கு மேல் நீளமாக எதையும் சொல்லக் கூடாது என்று கட்டளை. அப்பா தினமும் மறந்தார். கடைசியில் சம்பிரதாயமாக வருகிற 'குற்றம் குறை இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்' என்பதை அவள் மாற்றினாள். அப்படியே சொன்னால் ஏதோ களவு பண்ணி ஒத்துக்கொள்வது மாதிரி துரைக்குப் படும் என்றாள். 'என்னைப் பொறுத்துக்கொண்டீர்கள்' என்று போட்டாள். 'அடியேன்' என்று இருந்த இடத்தையெல்லாம் எடுத்துவிட்டாள். தன்னைத் தாழ்த்திக்கொள்வது நமக்கு அழகு, அவர்களுக்கு அது நடிப்பாகத் தெரியும் என்பது அவள் கட்சி. விறகு விஷயத்தில் மட்டும் அவள் எதையும் தொடவில்லை. 'பிள்ளைகள் பள்ளிக்குக் கதகதப்புக் கொண்டுவந்தார்கள்' என்று போடலாமே என்று பெரிய கிளாக்கர் சொன்னபோது, "இல்லீங்கய்யா, ஆளுக்கொரு வெறகுக் கட்டைன்னே இருக்கட்டும். தொரை அந்தக் கட்டைய மனசுல பாக்கணும்" என்றாள்.

அப்புறம் அந்த வரி. அப்பா தமிழில் எழுதியது இது: "இந்த மலையை விட்டால் எனக்கு வேறு மலை தெரியாது. என் பிள்ளையின் படிப்பு முடியும் வரைக்கும் ஆண்டவன் எங்களுக்கு ஒரு இடம் காட்டாமல் போகமாட்டான்."

அக்கா அதை ஆங்கிலத்தில் எழுதி உரக்க வாசித்தாள். நிறுத்திவிட்டாள். தன்னைப் பற்றித் தானே கெஞ்சுகிற மாதிரி இருக்கிறது என்றாள். 'என் பிள்ளை' என்று அப்பாவாகச் சொல்லிக்கொண்டு நிற்கப்போகிற பிள்ளையும் அவள்தானே. காது சிவந்துபோயிருந்தது. பெரிய கிளாக்கரும் வாசித்துப் பார்த்துவிட்டு, பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் லேசாக்குங்கள் என்றார். அப்பா யோசித்து ஒரு வேடிக்கையைச் சேர்த்தார். "ஒரே பெஞ்சில் எட்டுப் பிள்ளைகளுக்கு இடம் பண்ணிக்கொடுத்தவன் நான். ஆண்டவன் எனக்கு ஒரு ஓரமாவது தள்ளிக் கொடுக்கமாட்டானா?" படிப்பு என்ற வார்த்தை ஆங்கிலத்திலிருந்து மெல்ல உதிர்ந்துபோனது. தமிழில் இருந்தது. அக்காவின் ஆங்கிலம் கண்ணியமாக, அழகாக வந்தது. ஒத்திகையில் அந்த இடத்தில் கைக்குட்டை ஆடவில்லை. இங்கே சிரிக்கக் கூடாது, தலையை மட்டும் ஆட்டு என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஆட்டினேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு விட்டுப் பெய்தது. தேயிலைப் பெட்டிகளை அடுக்கிப் பலகை போட்ட மேடை. அப்பா, தோட்டத்து வேலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையாவிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். கை நீளம். துரை சரியான நேரத்துக்கு வந்து, கொடுத்த டேலியா மாலையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அது நல்ல சகுனம் என்று அம்மா காதோடு சொன்னாள்.

பேச்சு உங்களுக்கும் ஞாபகமிருக்கும். "நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம். நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதிகம். அதற்கு நன்றி சொல்லத்தான் நிற்கிறேன்" என்று ஆரம்பித்தார். "கூட்டல் நான் சொல்லிக்கொடுத்தேன். கழித்தல் மட்டும் நீங்கள் வரும்போதே தெரிந்து வைத்திருந்தீர்கள், கொழுந்து மடுவத்துப் பக்கம் விளையாடியதனால்." கூடம் குலுங்கியது. மடுவத்தில் கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கு, கூடைக்கு என்று றாத்தல் கழிப்பது நம் தாய்மாருக்குத் தெரியாதா? அக்கா ஆங்கிலத்தில், கழித்தலைப் பள்ளிக்கு வருமுன்பே கற்றிருந்தார்கள் என்று மட்டும் சொன்னாள். மடுவத்தை விட்டுவிட்டாள். துரையும் சிரித்தார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேறு வேறு காரணத்துக்குச் சிரித்தார்கள். அது போதும் என்பது போல அக்கா முகத்தில் ஒரு வெளிச்சம்.

லேடீஸ் அண்ட் ஜென்டில்மேனுக்குத் துரை நம் பக்கம் திரும்பித் தொப்பியைத் தூக்கினார். விறகுக் கட்டைக்குச் சிரிக்காமல் மூலையிலிருந்த கரித்தடத்தைப் பார்த்தார். நடுவில் அப்பா தன்னை மறந்து நீளமாக ஒன்று சொல்ல, அக்கா அதைச் சின்னதாக முடிக்க, பின்னால் ஒரு கிழவர், "வாத்தியாரு இம்புட்டு சொன்னாரு, பொண்ணு இத்துனூண்டுதான் சொல்லுது" என்றார். அதற்கும் எல்லாரும் சிரித்தோம். "அடித்திருக்கிறேன். வலித்திருக்கும். அதையும் பொறுத்துக்கொண்டு மறுநாள் விறகோடு வந்தீர்களே, அதற்கு நன்றி" என்று அப்பா சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. நல்ல பேச்சு அது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு அந்த வரி வந்தது. அப்பா தமிழில் சொன்னதும் கூடம் அடங்கியது. அம்மாமார் முந்தானையை எடுத்தார்கள். ஆண்டவன் என்றால் யார், இடம் என்றால் எது என்று அங்கிருந்த கைக்குழந்தைக்குக்கூட விளங்கியிருக்கும். எல்லாரும் துரையைப் பார்த்தார்கள். அக்கா ஆங்கிலத்தில் சொன்னாள்.

துரை சிரித்தார். பெஞ்சு என்ற இடத்தில் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் தலையை ஆட்டிப் பழகியிருந்த இடத்தில்.

அவர் எழுந்து பதில் பேசினார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியதும் அக்காதான். நல்ல மனதோடுதான் பேசினார் என்று அவள் பிறகு பல தடவை சொல்லியிருக்கிறாள். இப்படி ஒரு பேச்சைத் தன் ஊரிலும் கேட்டதில்லை என்றாராம். அக்கா நெஞ்சை நிமிர்த்தி அதைச் சொன்னாள். அடுத்ததைக் கேட்டுவிட்டுப் பெரிய கிளாக்கரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"வாத்தியார் அவர்கள் இத்தனை வருடக் குளிருக்குப் பிறகு இந்தியாவில் தன் சொந்த ஊருக்குப் போய் வெயிலில் இளைப்பாற வேண்டும் என்று துரை அவர்கள் வாழ்த்துகிறார்கள். மாத முடிவில் சாமான்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறியைத் தருகிறார்கள்."

எல்லாரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். அப்பா பிறந்தது இலங்கையில், இதே மலையில். இந்தியாவில் அவருக்கு ஊர் என்று ஒன்று இல்லை. பெரிய கிளாக்கருக்கும் அது தெரியும். மேடையில் துரை வாயில் வந்ததைத் திருத்துவது முறையில்லை என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கைகூப்பி நின்றார். கோட்டுக் கை விரல்களை மூடியிருந்தது.

இரவு அம்மா மட்டும் கேட்டாள். "நீங்களே தொரைகிட்ட சொல்லியிருக்கலாமேங்க, எங்களுக்கு அங்க யாருமில்லன்னு."

"நன்றி சொல்லப் போன எடத்துல அதையா சொல்றது?" என்றார் அப்பா. மறுநாளும் சொல்லலாமே என்று யாரும் கேட்கவில்லை. லொறி கொடுத்த மனிதரிடம் லொறி வேண்டாம் என்று எப்படிப் போய் நிற்பது? அக்கா பள்ளிக்கூடத்துக் காலுறைகளைத் துவைத்துக் காயப்போட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. கால் விரல் மரத்துப்போகும்போது இருக்கிற மாதிரி, ஏதோ இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை என்றிருந்தது. உண்மையைச் சொன்னால் இன்றைக்கும் அந்த நாட்களை நினைத்தால் அப்படித்தான் இருக்கிறது.

மாத முடிவில் லொறி வந்தது. கட்டில், சாப்பாட்டு மேசை, அம்மாவின் அம்மிக்கல், இரண்டு டேலியாக் கிழங்கு. அம்மாவும் நானும் பின்னால் மூட்டைகள் மேல். அப்பா கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அப்போது துரையின் ஜீப் வந்து நின்றது. அவர் இறங்கி, தொப்பியைக் கழற்றி, கீழே நின்ற அக்காவிடம் சிரித்த முகத்தோடு ஏதோ கேட்டார். அக்கா பதில் சொன்னாள். அவர் முகம் மாறியது. மறுபடி கேட்டார். பிறகு நீளமாக, நிறுத்தி நிறுத்தி ஏதோ சொன்னார். கையை விரித்தார்.

என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அப்பாவும் அம்மாவும் கண்ணை மூடிய பிறகுதான் அக்கா எனக்குச் சொன்னாள். எந்தக் கப்பலில் போகிறீர்கள் என்று துரை கேட்டிருக்கிறார். கொத்மலைக்குத்தான் போகிறோம், மாமாவின் காம்பராவுக்கு, எங்களுக்கு இந்தியாவில் யாருமில்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள். துரை திகைத்துப்போய், புது வாத்தியார் கல்யாணமாகாதவர், ஓர் அறை போதும் என்றவர், இந்த வீடு இரண்டு வருஷத்துக்கும் சும்மாதான் கிடந்திருக்கும் என்றாராம். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேனே. நீங்கள் கப்பலேறுகிறீர்கள் என்று நினைத்து நேற்றுத்தான் இந்த வீட்டைத் தோட்டத்து மருந்துக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் குடும்பம் கிளம்பிவிட்டது. அந்த மனிதர் ஏன் கேட்கவே இல்லை?"

அக்கா அதற்குப் பிறகு ரயிலேறவில்லை. பரீட்சை எழுதவில்லை. கொத்மலையில் மாமா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டுகிற வேலைக்குப் போனாள். அது வேறு கதை, உங்களுக்கும் பாதி தெரியும்.

அன்று ஜீப் போனதும் அம்மா மூட்டை மேலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள். "தொரை என்னம்மா சொல்றாரு, அவ்வளவு நேரமா?"

அக்கா சக்கரத்தில் கால்வைத்து ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாவாடையைச் சரிபண்ணிக்கொண்டாள்.

"பத்திரமா போய்ச் சேருங்க, வாத்தியார மறக்கமாட்டேன்னு சொல்றாரும்மா."

"தங்கமான மனுசன்" என்று அம்மா ஜீப் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அப்பா கீழே, அக்கா நின்ற இடத்துக்கு ஒரு கை தூரத்தில்தான் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். துரை மெல்ல, நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார். அப்பா அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, டிரைவரிடம், "போகலாங்க" என்றார்.